சரிவுக்கு முந்தைய வாக்கியம்

மதிப்பிற்குரிய ஐயா,

கைபேசியில் பதிவு செய்த குரலிலிருந்து இரைச்சலை நீக்குவது எப்படி என்று எட்டு நிமிட வீடியோ ஒன்றை யூடியூபில் வெளியிட்டேன். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் அதன் ரிட்டென்ஷன் வரைபடத்தில் 30ஆவது நொடியில் 68 சதவீதம் பேரும், மூன்றாவது நிமிடத்தில் 54 சதவீதம் பேரும் இருக்கிறார்கள். அடுத்த 15 நொடிகளில் அது 41 ஆக விழுகிறது. அதன் பிறகு மெல்லக் குறைந்து 22இல் முடிகிறது. மைக்கை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்ற பகுதி 3:05இல் தொடங்குகிறது. அது சலிப்பூட்டியிருக்கும் என்று எண்ணி, இதே அமைப்பில் செய்த அடுத்த வீடியோவில் அதற்கு இணையான பகுதியைப் பாதியாகக் குறைத்து, பின்னணி இசையும் சேர்த்தேன். ஆனாலும் அதே இடத்தில் அதே போல விழுகிறது. ஸ்கிரிப்டில் எதை மாற்றுவது? தொடர்புடைய பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கவனம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. பலர் முதல் 30 நொடிகளில் போன 32 சதவீதத்தைப் பார்த்துக் கலங்கி, அறிமுகத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த 32இல் தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு வந்தவர்களும் கைதவறித் தொட்டவர்களும் உண்டு. அவர்களை எந்த ஸ்கிரிப்டும் நிறுத்தி வைக்காது. மூன்றாவது நிமிடம் வரை இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். 54இலிருந்து 41 என்பது 13 புள்ளிகள்தான் என்றாலும், அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுந்து போயிருக்கிறார் என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய இரண்டரை நிமிடங்களில் 14 புள்ளிகள் குறைந்திருக்க, இங்கே 15 நொடிகளில் 13 குறைகின்றன. அதாவது வேகம் ஒன்பது மடங்குக்கு மேல். மொத்தச் சதவீதத்தை விட, அப்போது எஞ்சியிருந்தவர்களில் எத்தனை பங்கு போனது என்ற இந்தக் கணக்கே ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு உதவும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சரிவின் வடிவம். கோடு பள்ளமாக இறங்கி மறுபடி மேலேறினால், பார்வையாளர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து முன்னே போயிருக்கிறார்கள். அப்போது குறை பெரும்பாலும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கும், அதைச் சுருக்குவது சரியான மருந்து. உங்கள் கோடு அப்படி மேலேறவில்லை. படி இறங்கியது போல 41க்கு வந்து, அங்கிருந்து மெல்லச் சரிகிறது. அவர்கள் வீடியோவை விட்டே போய்விட்டார்கள். மைக் பற்றிய பகுதியின் முதல் வரிகளைத் தாண்டி அவர்கள் எதையும் கேட்கவில்லை. கேட்காத ஒன்று அவர்களுக்குச் சலித்திருக்க முடியாது. அந்தப் பகுதியை நீங்கள் பாதியாக்கியும் சரிவு அசையாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சரிவு தொடங்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். ஸ்கிரிப்டை அச்சிட்டு, முடிந்த வீடியோவைக் கேட்டபடியே ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல்லைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு வரைபடம் நுட்பமானது அல்ல. மற்ற மென்பொருள்கள் தரவைப் பெறும் வழியான ஏபிஐ மூலம் யூடியூப் தரும் ரிட்டென்ஷன் தரவு, வீடியோவின் நீளத்தை நூறாகப் பிரித்தே வருகிறது. எட்டு நிமிட வீடியோவில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஐந்து நொடி. போகலாம் என்று முடிவெடுத்துக் கை நகரவும் சில நொடிகள் ஆகும். எனவே சரிவின் விளிம்பிலிருந்து 15, 20 நொடிகள் பின்னே வரை சென்று படிப்பது நல்லது.

அப்படி உங்கள் பக்கத்தில் தேடினால், 2:40இல் இரைச்சல் நீங்கிய குரலை முந்தைய குரலோடு சேர்த்து ஒலிக்க விடுகிறீர்கள். 2:58இல், “இவ்வளவுதான், இப்போது உங்கள் குரல் தெளிவாகிவிட்டது” என்கிறீர்கள். 3:05இல், “அடுத்து, மைக்கை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று பார்க்கலாம்” என்று தொடங்குகிறீர்கள். தலைப்பு கொடுத்த வாக்கு 2:58இல் நிறைவேறிவிட்டது. வேலை முடிந்தது என்று நீங்களே அறிவித்தும் விட்டீர்கள். “அடுத்து” என்ற சொல் அவர்கள் கேட்டு வராத வேறொரு பாடத்தைத் திறக்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நான்கில் ஒருவரை இழக்கிறீர்கள்.

இதைத் திருத்த, மைக்கின் தூரத்தைத் தனிப் பாடமாக வைக்காமல், இரைச்சல் நீக்கத்தில் எஞ்சும் குறைக்கு விடையாக மாற்றுங்கள். அதற்கான பொருள் உங்களிடமே இருக்கிறது. நீங்கள் காட்டும் முறை மின்விசிறி ஓசை போலச் சீராக ஒலிக்கும் இரைச்சலைத்தான் நன்றாக நீக்குகிறது. அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது நீக்குவதில்லை. நீக்கும் அளவைக் கூட்டினால் குரலே சிதைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். மைக் வாய்க்கு அருகே இருந்தால் எதிரொலியும் இரைச்சலும் குரலோடு ஒப்பிடக் குறைவாகவே பதிவாகும். இந்தத் தொடர்பை நீங்கள் ஐந்தாவது நிமிடத்தில் சொல்கிறீர்கள். அது மூன்றாவது நிமிடத்துக்கு முன்பே வர வேண்டும்.

2:40இல் குரலை ஒலிக்க விட்டபின் இப்படி எழுதிப் பாருங்கள்: “மின்விசிறி ஓசை போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு கூடம் போல முழங்குகிறதே, அதைக் கவனியுங்கள். அளவை இன்னும் கூட்டினால் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.” சிதைந்த குரலை மூன்று நொடி ஒலிக்க விடுங்கள். பிறகு, “இந்த முழக்கம் பதிவு செய்யும்போதே நுழைந்துவிட்டது. அதே அறையில், அதே கைபேசியில், மைக்கை மட்டும் அருகே கொண்டுவந்து இதே வரியைப் பேசுகிறேன்” என்று போகலாம். “இவ்வளவுதான்” இங்கே வரவே கூடாது. பார்வையாளர் கேட்டு வந்த விடை அவர் கையில் இருக்கிறது. அந்த விடை எங்கே போதாமல் போகிறது என்பதையும் அவர் தன் காதாலேயே கேட்டுவிட்டார். இரண்டு குறைகளும் நீங்கிய குரலை வீடியோவின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யும்போது, முதல் விடையையே ஆறாவது நிமிடத்துக்குத் தள்ளிவிடலாம் என்ற ஆசை வரும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். விடைக்காகக் காத்திருப்பவர் சலித்துப் பாதி வழியில் போவார், அல்லது குதித்துக் குதித்துத் தேடுவார். படி போல இருந்த சரிவு நீண்ட சாய்வாக மாறும், முடிவில் எஞ்சுபவர்களின் எண்ணிக்கை அதிகமாகாது. பிற்பகுதியை முற்பகுதியோடு உண்மையாகவே இணைக்க முடியாத வீடியோக்களும் உண்டு. அப்படியானால் மூன்றேகால் நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதியைத் தனி வீடியோவாக்குவதே நேர்மையானது என்பது என் எண்ணம்.

வெளியான வீடியோவில் ஒரு பகுதியை யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் வெட்டி எடுக்கலாமே தவிர, புதிதாகப் பேசிய பகுதியை அதற்குள் வைக்க முடியாது. எனவே இந்தத் திருத்தத்தை அடுத்த வீடியோவில்தான் சோதிக்க முடியும். ஏறக்குறைய அதே நீளமும் அதே வகைத் தலைப்பும் இருந்தால்தான் ஒப்பீடு பொருள்படும். முதல் நாளிலேயே முடிவு கட்டாதீர்கள். ஐம்பது பேர் மட்டும் பார்த்த வீடியோவில் ஒருவர் போனாலே கோடு இரண்டு புள்ளி இறங்கிவிடும். சந்தாதாரர்களையும் மற்றவர்களையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். தேடி வந்த புதியவர்கள் விடை கிடைத்ததும் போவது இயல்பு. ஆனால் உங்கள் சந்தாதாரர்களும் அதே இடத்தில் அதே அளவு போனால், இரண்டு பகுதிகளையும் இணைக்கும் வாக்கியம் இன்னும் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். எப்படி எழுதினாலும் அந்த இடத்தில் சிலர் போகத்தான் செய்வார்கள். நான்கில் ஒருவர் என்பது எட்டில் ஒருவராகக் குறைந்தாலே, அதே 54இலிருந்து 41க்குப் பதிலாக 47 சதவீதம் பேரோடு உங்கள் மைக் பகுதி தொடங்கும்.