ஒரே தபால் ஆபீஸ், ஐந்தாறு ஹட்டி: முகவரியை எப்படி எழுதுவது?

கேள்வி (கோவையில் வேலை பார்ப்பவர்): அண்ணா, ஹட்டின்னு சொல்ற எங்க மலை ஊரில் தபால் ஆபீஸ் கிடையாது, பக்கத்து ஹட்டியில்தான் இருக்கு. அம்மாவுக்கு அனுப்பின தபால் திரும்பி வந்துடுச்சு. ஊர்ப் பெயர், கோத்தகிரி, 643217 எல்லாம் சரியாத்தான் எழுதினேன்.

பதில்: எழுதியது எல்லாம் சரி. இடையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, பக்கத்து ஹட்டியின் அஞ்சலகப் பெயர்.

தபால் போகும் வழியைப் பார்த்தால் காரணம் தெரியும். பின்கோடின் முதல் மூன்று எண்களான 643, அதை நீலகிரிக்குக் கொண்டுவரும். கடைசி மூன்றான 217 கோத்தகிரி அஞ்சலகத்தில் சேர்க்கும். அதோடு பின்கோடின் வேலை முடிந்தது. கோத்தகிரியில் பிரிப்பவர், தனக்குக் கீழே உள்ள கிளை அஞ்சலகங்களுக்குத் தனித்தனிப் பையாகக் கட்டுவார். அப்போது அவர் கண் தேடுவது 'அஞ்சல்' என்று முடியும் வரியைத்தான். அந்த வரி இல்லாமல் ஹட்டி பெயர் மட்டும் இருந்தால், அந்த ஹட்டி எந்தக் கிளைக்குச் சேர்ந்தது என்று அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பழைய ஆள் என்றால் சரியான பையில் போட்டுவிடுவார். புதிதாக மாற்றலாகி வந்தவர் என்றால் 'முகவரி போதவில்லை' என்று குறித்துத் திருப்பிவிடுவார். முன்னால் அனுப்பினதெல்லாம் போய்ச் சேர்ந்ததே என்பவர்களுக்கும் இதுதான் விளக்கம்.

இப்படி எழுதுங்கள். ஆள் பெயரும் ஹட்டிப் பெயர்களும் எடுத்துக்காட்டுக்காகத்தான்.

ரா. லட்சுமி
க/பெ ம. ராஜு
மே/பா மணி மளிகைக் கடை
மேல்ஹட்டி
நடுஹட்டி அஞ்சல்
கோத்தகிரி வழி
நீலகிரி மாவட்டம், தமிழ்நாடு
643217

கீழே கைபேசி எண். வீடு இருக்கும் ஹட்டிக்கு ஒரு வரி, அஞ்சலகம் இருக்கும் ஹட்டிக்கு ஒரு வரி. இரண்டையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதினால் 'அஞ்சல்' எந்தப் பெயரோடு சேர்ந்தது என்று தெரியாமல் போகும். 'அஞ்சல்' வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டால் பிரிப்பவருக்கு இன்னும் சுலபம்.

கேள்வி (குன்னூர் வாசகர்): ஒவ்வொரு தபால் ஆபீசுக்கும் ஒரு பின்கோடு இருக்கே? அதைச் சரியாப் போட்டால் அஞ்சல் பெயர் எதுக்கு?

பதில்: பாதி சரி. குன்னூர் 643101, அருவங்காடு 643202, வெலிங்டன் 643231 என்று தபாலைப் பிரித்துக் கொடுக்கும் அஞ்சலகங்களுக்குத் தனி எண் உண்டு. ஊருக்குள் இருக்கும் கிளை அஞ்சலகங்கள் பொதுவாகத் தங்கள் மேல் அஞ்சலகத்தின் எண்ணையே வைத்திருக்கும். ஓர் எண்ணுக்குப் பின்னால் பல ஊர்கள் நிற்கின்றன. உங்கள் எண்ணை அஞ்சல் துறை இணையதளத்தின் பின்கோடு தேடலில் போட்டுப் பாருங்கள், அதற்குள் வரும் கிளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். முகவரியில் அந்த எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.

கேள்வி (மேலே கேட்டவரே): ஆதாரிலும் பட்டாவிலும் வேற ஊர்ப் பெயர் இருக்கே. அதைப் போடணுமா?

பதில்: பட்டாவில் இருப்பது வருவாய்க் கிராமம். நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள் அடங்கும். தபால்காரர் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. அதை எழுதியே ஆக வேண்டும் என்றால் 'கிராமம்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். வெறும் பெயராக எழுதினால், அதே பெயரில் இன்னொரு அஞ்சலகம் இருந்து தபால் அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

ஆதாரில் கிராமத்துக்கும் தபால் ஆபீசுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. முகவரியைத் திருத்தப் போகும்போது தபால் ஆபீஸ் கட்டத்தில் எது வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை அவசரத்தில் தட்டிவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு. பிறகு பான் கார்டு, பேங்க் கடிதம் எல்லாம் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டே வரும்.

'கீழ்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கோத்தகிரி வேறு, கீழ்கோத்தகிரி வேறு.

கேள்வி (எஸ்டேட் ஆபீஸ் ஊழியர்): எங்க தொழிலாளர் குடியிருப்பு லயன்ல கதவு எண்ணே கிடையாது. எல்லாத் தபாலும் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வருது. மே/பா எஸ்டேட் பெயர் மட்டும் போதுமா?

பதில்: எஸ்டேட் பெயரோடு டிவிஷனும் வேண்டும், லயன் எண் இருந்தால் அதுவும். ஆபீசுக்கு வந்த பிறகு அதை ஆளிடம் சேர்ப்பவர் உங்கள் ஆள்தான், அவருக்கும் அடையாளம் தேவை. ஒரே டிவிஷனில் மூன்று செல்வி இருப்பார்கள், ஆகவே த/பெ அல்லது க/பெ கட்டாயம். ஹட்டிகளிலும் இதே கதைதான். எம். போஜன் என்று மட்டும் எழுதினால் எந்த போஜன்?

'மே/பா' என்பதைத் த/பெ எழுதும் இடத்தில் போடாதீர்கள். த/பெ ஆளை அடையாளம் காட்டும், மே/பா தபாலை யார் கையில் கொடுக்கலாம் என்று காட்டும். ஆதார் அட்டையில் அப்பா அல்லது கணவர் பெயருக்கு முன்னாலும் C/O என்றே அச்சாவதால்தான் இந்தக் குழப்பம். கடையையோ ஆபீசையோ மே/பா-வில் போடும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கேட்காமல் போட்டால், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கேள்வி (கூடலூர் வாசகர்): எங்க ஊருக்கு கொரியர்காரன் வரவே மாட்டேங்கிறான், டவுனுக்கு வந்து வாங்கிக்கோங்கிறான். அஞ்சல் பெயர் போட்டா வருவானா?

பதில்: வரமாட்டார். தனியார் கொரியருக்குக் கிளை அஞ்சலகக் கணக்கு தெரியாது. அவர்களுக்குப் பஸ் நிறுத்தமும் போன் எண்ணும்தான் முகவரி. பொருளை அனுப்புபவரிடம், முடிந்தால் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி (கோவை வாசகர் மீண்டும்): கோர்ட், பேங்க் தபாலையும் மளிகைக் கடையில் கொடுத்துடுவாங்களா? அது வேண்டாம்.

பதில்: 2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அனுப்பும்போது 'பதிவு' என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்கினால், உரியவரிடமோ அவர் எழுத்துமூலம் அனுமதித்தவரிடமோதான் கொடுப்பார்கள். அம்மா வெளியூர் போவார் என்றால் யார் கையெழுத்திட்டு வாங்கலாம் என்று கிளை அஞ்சலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவையுங்கள். இத்தகைய தபாலுக்கு மே/பா வரி வேண்டாம், க/பெ போதும்.

கேள்வி (கேத்தி வாசகர்): இப்போ டிஜிபின்னு ஒண்ணு வந்திருக்கே, அதை மட்டும் எழுதினா?

பதில்: 2025-ல் அஞ்சல் துறையே கொண்டுவந்தது. பத்து எழுத்து, எண் கொண்ட குறியீடு. ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடத்தைச் சுட்டும். வீடு எங்கே என்று சொல்லும், உள்ளே இருப்பது யார் என்று சொல்லாது. முகவரிக்குக் கீழே கூடுதலாக எழுதுங்கள், பின்கோடுக்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி (இன்னொரு ஹட்டிக்காரர்): எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தபால் ஆபீஸ் இருக்கு. நாங்க அதன் பெயரைப் போட்டுக்கலாமா?

பதில்: போட்டால் தபால் அங்கே போய்த் திரும்பி வரும், ஒன்றிரண்டு நாள் வீணாகும். எந்த ஹட்டி எந்தக் கிளைக்கு என்பதை அஞ்சல் கோட்டம்தான் முடிவு செய்கிறது. ஹட்டிக்காரர்கள் கையெழுத்திட்டு, இரண்டு அஞ்சலகத்துக்கும் உள்ள நடைதூரத்தைக் குறித்து, ஊட்டியில் உள்ள கோட்டக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுக்கலாம். மாற்றுவார்களா என்பது அந்த வழியில் பை கொண்டுபோக ஆளும் பஸ்ஸும் இருப்பதைப் பொறுத்தது.

கேள்வி (எஸ்டேட் ஊழியர்): ஊராட்சியில் புதுக் கதவு எண் கொடுத்திருக்காங்க. பழசா, புதுசா?

பதில்: இரண்டும். புதியதை முதலில் எழுதி, 'பழைய எண்' என்று மற்றதையும் சேருங்கள். உங்கள் கிளையில் எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைத் தபால்காரரிடம் கேட்பதுதான் சரி, ஊருக்கு ஊர் மாறும்.