கேமரா அனுப்பிய 37 கிளிப்: நாய்க்குப் பிரிவுப் பதற்றமா?

கேள்வி: எங்களிடம் மூன்று வயது நாட்டு நாய் இருக்கிறது. நானும் கணவரும் காலை 9:10-க்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை 5 மணிக்குத்தான் திரும்புவோம். ஹாலில் வைத்த கேமரா ஒரே நாளில் 37 கிளிப் அனுப்பியது. நடப்பது 17, குரைப்பது 14, எதையாவது கடிப்பது 6. பயிற்சியாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "கடுமையான பிரிவுப் பதற்றம், ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், 40,000 ரூபாய்" என்கிறார். அபார்ட்மெண்ட் சங்கத்திலிருந்தும் புகார் வந்துவிட்டது. கிளிப்புகளின் நேரப் பட்டியலை இணைத்திருக்கிறேன். இத்தனை எண்ணிக்கை வந்தால் நோய்தானா? – வாசகி, சென்னை

பதில்: உங்கள் நாய்க்குப் பதற்றம் இருப்பதாகத்தான் தெரிகிறது. ஆனால் அதைச் சொல்வது 37 என்கிற எண் இல்லை, பட்டியலின் முதல் இருபது நிமிடம். அந்த 40,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை அசைவு தெரிந்தால் சில வினாடி பதிவு செய்து அனுப்பும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அசைவு தெரிந்தால் மறுபடி பதிவு செய்யும். ஆகவே ஒரு கிளிப் என்பது கேமரா விழித்த ஒரு தடவை, அவ்வளவுதான். நாய் ஒரே மூச்சாக அரை மணி நேரம் அலைந்தால் அது இருபது கிளிப்பாக வரலாம். வாசலில் படுத்து எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டிருந்தால் ஒரு கிளிப்கூட வராமல் போகலாம்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 9:12 முதல் 9:31 வரை நடை 12, குரைப்பு 5, கடி 2, ஆக 19 கிளிப். 19 நிமிடத்தில் 19 கிளிப், நிமிடத்துக்கு ஒன்று. கேமரா கண் திறந்த ஒவ்வொரு முறையும் நாய் அலைந்துகொண்டோ, குரைத்துக்கொண்டோ, கதவைக் கடித்துக்கொண்டோ இருந்திருக்கிறது. நடுவில் அது படுத்து ஓய்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. இதை 19 சம்பவம் என்று எண்ணக் கூடாது. நீங்கள் கதவைச் சாத்திய இரண்டாவது நிமிடத்தில் தொடங்கி இடைவிடாமல் ஓடிய ஒரே சம்பவம் இது. அப்படி எண்ணும்போதுதான் இதன் கனம் தெரிகிறது.

மதியப் பகுதி நேர் எதிர். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் 9 குரைப்பு. ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது, சில வினாடியில் முடிகிறது. நாய் வாசல் வரை வந்து நான்கு குரை குரைத்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்புவதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது கூரியர் வரும் நேரம், லிஃப்ட் ஏறி இறங்கும் நேரம். ஒன்பதும் ஒன்பதுதான், ஆனால் இதற்கும் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் வீட்டில் இருக்கிற நாளிலும் அது இப்படித்தான் குரைக்கும், ஞாயிற்றுக்கிழமை கவனியுங்கள். 2:45-க்கு மேல் வரும் நான்கு கடியும் சோபா மெத்தையில். பல மணி நேரம் தூங்கி எழுந்த நாய் வேலையில்லாமல் செய்வது. காலையில் வந்த இரண்டு கடி மட்டும் வாசற்கதவின் கீழ் ஓரத்தில். எதைக் கடித்தது என்பதைவிட எங்கே, எப்போது கடித்தது என்பதுதான் கணக்கு. வெளியேறும் வழியைக் குறிவைத்து, நீங்கள் போன கொஞ்ச நேரத்துக்குள் கடித்தால் அது உங்களைத் தேடுகிறது.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு முறை சரியாக எண்ணுவது. மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் கேமராவைத் தொடர் பதிவுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழைய மொபைலைச் சார்ஜரில் மாட்டி, வாசற்கதவு தெரியும்படி வீடியோ ஓடவிடுங்கள். எட்டு மணி நேரம் தேவையில்லை, கிளம்பியதிலிருந்து நாற்பது நிமிடம் போதும். ஒரு தாளில் 1 முதல் 40 வரை வரிசையாக எழுதி, நடை, குரல், கடி என்று மூன்று கட்டம் போடுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு நிமிடத்திலும் அந்தச் செயல் ஒரு தடவையாவது வந்தால் ஒரு டிக். அந்த நிமிடத்துக்குள் பத்துத் தடவை குரைத்தாலும் ஒரே டிக்தான். தண்ணீர் குடிக்கப் போவதும் மோப்பம் பிடித்துத் திரிவதும் நடை இல்லை. ஒரே தடத்தில், ஜன்னலிலிருந்து வாசல், வாசலிலிருந்து ஜன்னல் என்று நிற்காமல் போய் வந்தால்தான் நடை. குரல் கட்டத்தில் குரைப்புக்குக் 'கு', ஊளைக்கும் முனகலுக்கும் 'ஊ' என்று எழுதுங்கள். மறுபடி மறுபடி வரும் 'ஊ' பிரிவின் பக்கம் சாயும்.

கிளம்பும்போது வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் இருக்கும்போது பாய்ந்து தின்கிற நாய், நீங்கள் போனதும் அதைத் தொடாமல் இருந்து, நீங்கள் திரும்பியதும் தின்றால், அது ஒரு பெரிய அடையாளம். 9:31-க்குப் பிறகு கொஞ்ச நேரம் கிளிப் இல்லாததை வைத்து நாய் தூங்கிவிட்டது என்று முடிவு கட்டவும் முடியாது. தலையைக் கீழே போட்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறதா, கதவைப் பார்த்தபடி தலை தூக்கி மூச்சு வாங்குகிறதா என்பது தொடர் பதிவில்தான் தெரியும். பதிவு ஓடும்போது ஆப் வழியாக நாயிடம் பேசாதீர்கள். ஆள் இல்லாத குரலைத் தேடி அது இன்னும் அலையும், தாளும் கெட்டுப்போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைப் பிறாண்ட ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் திரும்பி வாருங்கள். நகம் பிய்ந்து ரத்தத்தோடு வந்த நாய்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

எத்தனை டிக் வந்தால் நோய் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு கோடு போடவில்லை. வெவ்வேறு மூன்று நாள் எடுத்து, அதில் இரண்டு நாளாவது முதல் அரை மணியில் பாதிக்கு மேற்பட்ட நிமிடங்களில் டிக் இருந்தால் நான் சிகிச்சையைத் தொடங்குவேன்.

ஒன்றை மட்டும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சத்தப் பயம். மாடியில் டைல்ஸ் வேலை, துளை போடும் மெஷின் எல்லாம் காலை ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். நீங்கள் கிளம்புகிற அதே நேரம். சத்தத்துக்குப் பயந்த நாயும் அலையும், குரைக்கும், கதவைக் கடிக்கும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல கேமராக்கள் வெளிச்சத்தத்தை அடக்கிவிடுவதால் பதிவிலும் மெஷின் சத்தம் கேட்காமல் போகலாம். அதனால் வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே 9:10-க்கு, அதே உடையில், அதே பையோடு இருபது நிமிடம் வெளியே போய் வாருங்கள். தாள் காலியாக இருந்தால் காரணம் சத்தம். அதே டிக்குகள் வந்தால் காரணம் பிரிவு. பாதி வந்தால் இரண்டும் இருக்கிறது. இப்படி இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். தீபாவளி வெடிச் சத்தத்தில் தனியாக மாட்டிக்கொண்ட நாய், அதற்குப் பிறகு தனிமையையே பயப்படத் தொடங்குவதுண்டு. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மெஷின் சத்தத்துக்கு அது கட்டிலுக்கு அடியிலோ பாத்ரூமிலோ போய் ஒடுங்கினால், அதையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். இதைப் பிரிக்காமல் தொடங்கிய சிகிச்சை பாதியில் நிற்கும்.

இனி அந்த ஒரு மாதத் திட்டம். உங்கள் நாய்க்கு வருவது உங்கள் வீட்டில், நீங்கள் கதவைச் சாத்தும்போது வருகிற பயம். அதை வேறு இடத்தில், வேறு நாய்களோடு கூண்டில் வைத்து எப்படித் தீர்ப்பது? ஒரு மாதம் கழித்து அமைதியாக வரும், பெரும்பாலும் மிரண்டுபோய் அடங்கியிருக்கும். நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பழைய தாளே திரும்பும். பலகை மாட்டுகிற எவரும் பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்கிற நிலை இருக்கிற வரை இந்த வியாபாரம் நடக்கும். கிளிப் எண்ணிக்கையைக் காட்டிப் பயமுறுத்துவது இவர்களுக்கு எளிது, எண் பெரிதாக இருந்தால் கட்டணமும் பெரிதாகும். குரைத்தால் ஷாக் அடிக்கும் காலரை யார் சிபாரிசு செய்தாலும் அந்த ஆளை அத்தோடு விட்டுவிடுங்கள். குரல் அடங்கும், பயம் இரட்டிப்பாகும், அதற்குப் பதில் கதவைக் கடிக்கும். "துணைக்கு இன்னொரு குட்டி வாங்குங்கள்" என்று குட்டி விற்கும் தரகர்கள் சொல்வார்கள். உங்கள் நாய் தேடுவது உங்களை, இன்னொரு நாயை அல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் மயக்க மருந்தும் வேண்டாம். நாய் அசையாமல் கிடக்கும், தாள் காலியாகிவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

ஞாயிறு சோதனையிலும் அதே டிக்குகள் வந்தால், உங்கள் வீட்டில் தொடக்கப்புள்ளி இரண்டாவது நிமிடம். பயிற்சியும் அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். கதவைச் சாத்தி அரை நிமிடம், திறந்து உள்ளே வருவது, ஆர்ப்பாட்டமில்லாமல். அலைச்சல் இல்லாத நாளில் மட்டும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். இந்த வாரங்களில் நாயை முழு நாள் தனியாக விட்டால் பயிற்சி வீண். மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து உட்காரட்டும், அல்லது நீங்களும் கணவரும் மாற்றி மாற்றி வீட்டிலிருந்து வேலை பாருங்கள். சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் இரண்டும் இதற்குப் பயன்படுபவை. கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டியவை, பலன் தெரியச் சில வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது 37 கிளிப்பையும் காட்டாதீர்கள், பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஐந்து நிமிடத்தில் தடுப்பூசியும் போட்டு, காதும் பார்த்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டிய நிலையில் வைத்திருக்கிறோம். நாயின் நடத்தையைப் பற்றிப் பேச அங்கே இடமே இல்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லியாயிற்று. அதனால் நீங்கள்தான் தயாராகப் போக வேண்டும்: கதவு சாத்தியதிலிருந்து வெட்டாத ஐந்து நிமிட வீடியோ ஒன்று, மூன்று நாள் தாள், ஞாயிறு சோதனையின் தாள். இந்த நான்கு தாளைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்க மறுத்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

சங்கத்துக்கும் தாளின் ஒரு நகலைக் கொடுங்கள். எந்த நிமிடம் குரைக்கிறது, எதற்குக் குரைக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து. நாயை வெளியேற்றச் சொன்னால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். குரைப்பதைக் காரணம் காட்டி வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அதைப் படிக்காமலே பல சங்கங்கள் நோட்டீஸ் ஒட்டுகின்றன. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.