நாலு பிளானையும் ஒரு கெப்ஷனில் சொல்வது எப்படி?

*அக்கா, ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கோ-வேர்க்கிங் இடம் திறந்திருக்கிறேன். பிரொன்ஸ் (நாள் பாஸ்) 800 ரூபாய், சில்வர் (10 நாள்) 6,500, கோல்ட் (மாதம்) 12,000, பிளாட்டினம் (சொந்த மேசை) 20,000. முதல் இரண்டுக்கும் மாலை 6 மணி வரை, மற்ற இரண்டுக்கும் இரவு 10 வரை. ஞாயிறும் போயாவும் மூடுவோம். இதையெல்லாம் அட்டவணை மாதிரி இன்ஸ்டகிராம் கெப்ஷனில் போட்டேன். ஆனாலும் எல்லோரும் இன்பொக்ஸில் வந்து "விலை என்ன, எத்தனை மணி வரை" என்றுதான் கேட்கிறார்கள். கெப்ஷனை எப்படி எழுதினால் வாசிப்பார்கள்?*
*– ஹட்டனிலிருந்து ஒரு தம்பி*

தம்பி, நீங்கள் அனுப்பிய கெப்ஷனை என் போனில் திறந்து பார்த்தேன். உங்கள் போனில் நேராக நின்ற நிரல்கள் என் போனில் சிதறிப்போய், 6,500 என்ற தொகை கோல்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்பேஸ் தட்டித் தட்டி அட்டவணை செய்தால் இப்படித்தான் ஆகும். கெப்ஷனில் வரும் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. தமிழில் இன்னும் மோசம், 'ணை'க்கும் 'ர'வுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். போதாததற்கு ஒவ்வொரு போன் திரையும் வேறு வேறு இடத்தில் வரியை மடிக்கும். அதனால் கெப்ஷனுக்குள் அட்டவணை வேண்டாம். ஒரு பிளானுக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் அதே வரிசை: பெயர், விலை, நேரம், அதற்கு மட்டும் உள்ள வசதி. வரிசை மாறாமல் இருந்தால் கண் தானாகவே மேலும் கீழும் ஒப்பிட்டுக்கொள்ளும்.

அடுத்தது, நாலு பிளானிலும் "வைஃபை, பிளக், தேநீர்" என்று நாலு முறை எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பவர் நாலையும் படித்துவிட்டு என்ன வித்தியாசம் என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் கிடைப்பதை மேலே ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். பிளானுக்குக் கீழே வேறுபடுவது மட்டும் இருக்கட்டும். இதைச் செய்ததுமே உங்கள் கெப்ஷன் பாதியாகக் குறைந்துவிடும்.

பெயர்களையும் மாற்றுங்கள். சில்வர் என்றால் யாருக்கு என்ன தெரியும்? "10 நாள் பாஸ்" என்றால் கேள்வியே வராது. அதற்கும் மேலே, யாருக்கு எது பொருந்தும் என்று ஒரு வரி போடலாம். ஆனால் அந்த வரியைக் கணக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டும். உங்கள் விலையை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். நாள் பாஸில் 8 தடவை வந்தால் 6,400 ரூபாய், 9 தடவை வந்தால் 7,200. ஆக 10 நாள் பாஸ் 9ஆவது நாளில்தான் லாபம். அந்தப் பாஸில் ஒரு நாள் 650 ரூபாய் விழுகிறது. மாத அங்கத்துவத்தின் 12,000ஐ அதோடு ஒப்பிட்டால், மாதத்தில் 18 நாள் வருபவருக்கு 10 நாள் பாஸ் கணக்கே மலிவு (11,700), 19ஆவது நாளிலிருந்துதான் மாதம் மலிவு. வாரம் 4 நாள் வருகிறவர் மாதத்துக்கு 17 நாள் வரைதான் வருவார், வாரம் 5 நாள் என்றால் 22 வரை போகும். அதனால் "வாரம் 5 நாளும் வருகிறவருக்கு" என்று எழுதினால் அது உண்மை. "அடிக்கடி வருபவருக்கு" என்று எழுதினால், வாரம் மூன்று நாள் வருகிறவர் மாதம் எடுத்துவிட்டு, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்து உங்களோடு முகம் சுளிப்பார்.

10 நாள் பாஸை எத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவே இல்லை. மேலே போட்ட கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. ஒரு மாதத்துக்குள் என்றால் வாரம் ஒரு நாள் வருகிறவருக்கு அது பயனில்லை. இரண்டு மாதம் என்றால் வாரம் இரண்டு நாள் வருகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். விலைக்குப் பக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

இனி நேரம். இதுதான் உங்கள் கெப்ஷனில் ஆகப் பலவீனமான இடம். ஹட்டனில் மாதக் காசு கட்டி மேசை எடுக்கிறவர்களில் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். லண்டன் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், மார்ச் கடைசி முதல் ஒக்டோபர் கடைசி வரை நமக்குப் பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. அங்கே கடிகாரத்தை மாற்றியதும் மிச்ச மாதங்களில் 2.30 முதல் இரவு 10.30. நீங்கள் 10 மணிக்குக் கதவை மூடினால், கோடை முழுக்க சந்தோஷமாக இருந்த ஆள் நவம்பரில் கடைசி அரை மணித்தியாலத்தை எங்கே போய் வேலை செய்வார்? 11 வரை திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் "இரவு 10க்கு மூடுவோம்" என்று தெளிவாக எழுதுங்கள், "இரவு வரை" என்று எழுதாதீர்கள்.

போயாவும் அப்படியே. நமக்கு லீவு, லண்டனுக்கு வேலை நாள். மாதாமாதம் ஒரு வேலை நாள் மேசை இல்லை என்றால் மாத அங்கத்தவருக்கு அது பெரிய விஷயம். மாத அங்கத்தவருக்கு மட்டுமாவது போயாவில் திறந்து வைக்கலாம். இல்லையென்றால் கெப்ஷனில் ஒரு வரி போதும். காசு கட்டிய பிறகு தெரியவந்தால்தான் சண்டை.

வசதிகளில் "பிரீமியம் சூழல்", "மின்னல் வேக இன்டர்நெட்" இரண்டையும் வெட்டுங்கள். ஏசியைப் பற்றி ஏன் எழுதினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கொழும்புக் கெப்ஷன் எதையோ பார்த்து எழுதியது போல இருக்கிறது. ஹட்டன் குளிரில் ஏசிக்காக யார் காசு கொடுக்கப் போகிறார்கள்? நம் ஊர்க்காரர் கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போனால் என்ன நடக்கும்? "பெக்அப் இருக்கிறது" என்பது அதற்குப் பதில் இல்லை. சில இடங்களில் பெக்அப் என்றால் லைட் மட்டும் எரியும், ரவுட்டர் செத்துவிடும். நீங்களே ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். வைஃபை நிற்கிறதா, மேசைப் பிளக்கில் லெப்டொப் சார்ஜ் ஏறுகிறதா, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து, கண்ட உண்மையை எழுதுங்கள். இன்டர்நெட் வேகத்தையும் விடிகாலையில் சோதித்து எழுத வேண்டாம். மேசைகள் நிறைந்திருக்கும் நேரத்தில் சோதியுங்கள், இறக்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் சேர்த்து. வீடியோ அழைப்பில் நம் முகம் உறைந்துபோவதற்கு அனேகமாக ஏற்றும் வேகம்தான் காரணம்.

சரி, முதல் வரி. இன்ஸ்டகிராமில் "more" என்பதை அழுத்தாமல் தெரிவது தொடக்கத்தில் உள்ள கொஞ்சம்தான். உங்கள் முதல் இரண்டு வரியும் வணக்கத்திலும் "மலையகத்தில் ஒரு புதிய அனுபவம்" என்பதிலும் போய்விட்டது. அதனால்தான் விலையை யாரும் பார்க்கவில்லை. இடம், பொருள், ஆகக் குறைந்த விலை மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். "விலைக்கு இன்பொக்ஸ்" என்ற வழக்கத்துக்கு நாமெல்லாம் பழகிவிட்டோம், ஆனால் விலையை ஒளித்தால் விலை கூட என்றுதான் நினைப்பார்கள்.

இதோ, நான் எழுதினால் இப்படி எழுதுவேன். இரண்டு மாத எல்லை, இரவு 11, கரண்ட், கூட்ட அறை, அலுமாரி பற்றியவற்றை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

ஹட்டன் டவுனில் மேசையும் வைஃபையும். ஒரு நாள் 800 ரூபாய், மாதம் 12,000 ரூபாய்.

எல்லாப் பிளானிலும்: வைஃபை, பிளக், தேநீர். கரண்ட் போனாலும் வைஃபையும் மேசைப் பிளக்கும் 3 மணித்தியாலம் வேலை செய்யும்.

எப்போதாவது வருகிறவருக்கு
நாள் பாஸ் – 800 ரூபாய் – காலை 8 முதல் மாலை 6

வாரம் 2, 3 நாள் வருகிறவருக்கு
10 நாள் பாஸ் – 6,500 ரூபாய் – காலை 8 முதல் மாலை 6 – 2 மாதத்துக்குள் பாவிக்கலாம்

வாரம் 5 நாள் அல்லது இரவு வேலைக்கு
மாத அங்கத்துவம் – 12,000 ரூபாய் – காலை 8 முதல் இரவு 11 – கூட்ட அறை மாதம் 4 மணித்தியாலம்

கணினியை விட்டுப் போக விரும்புகிறவருக்கு
சொந்த மேசை – 20,000 ரூபாய் – காலை 8 முதல் இரவு 11 – கூட்ட அறை மாதம் 8 மணித்தியாலம், பூட்டும் அலுமாரி

ஞாயிறு, போயா: பூட்டு.
இடத்தைப் பார்க்க வட்ஸ்அப் செய்யுங்கள்.

கவனித்தீர்களா, கடைசிப் பிளானில் விலை 8,000 ஏறுகிறது, நேரம் ஏறவில்லை. அந்தக் காசு எதற்கு என்று அலுமாரியும் கூட்ட அறையும்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பழைய கெப்ஷனில் அந்த இரண்டும் இல்லாமல் "பிளாட்டினம்" என்ற பெயர் மட்டும் நின்றது.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போட வேண்டும் என்றால் தனித்தனிப் போஸ்டாகப் போடுங்கள். இன்ஸ்டகிராம் ஒரு கெப்ஷனுக்கு 2,200 எழுத்துதான் விடும், அதில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கும் 'மாதம்' அங்கே ஐந்து. மூன்று மொழியை அடுக்கினால் எல்லை நெருங்கும், அதோடு மூன்றாவது மொழிக்காரர் தன் விலையைக் காண எவ்வளவு தூரம் உருட்ட வேண்டியிருக்கும்? சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் முதல் மே வரை, ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரருக்கு ஆங்கிலப் போஸ்டில் நாள் பாஸ் மட்டும் இருந்தாலே போதும், மாதக் கணக்கு அவருக்குத் தேவையில்லை.

அட்டவணை ஆசை விடவில்லை என்றால் அதைப் படமாகச் செய்து இரண்டாவது படமாக வையுங்கள். ஆனால் விலையைக் கெப்ஷனிலிருந்து எடுத்துவிடாதீர்கள். போட்ட பிறகு கெப்ஷனைத் திருத்தலாம், படத்துக்குப் பதில் வேறு படம் வைக்க முடியாது. விலை ஏறும் நாளில் படம் பழைய விலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே படத்தில் நேரமும் வசதியும் மட்டும் இருக்கட்டும், ரூபாய் கெப்ஷனிலேயே இருக்கட்டும்.