‘செலுத்தத் தவறும் பட்சத்தில்’ வேண்டாம்: பாக்கி கேட்கும் நோட்டீஸை எளிய தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கிறோம். பாக்கி வைத்தவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸ் இது: “தங்கள் கணக்கில் நிலுவையிலுள்ள தொகை ரூ.1,180/-ஐ இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 7 தினங்களுக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் முன்னறிவிப்பின்றி இணைப்பு துண்டிக்கப்படும் என்பதோடு மறுஇணைப்புக் கட்டணமும் வசூலிக்கப்படும் என்பதும், ஏற்கெனவே செலுத்தியிருப்பின் இவ்வறிவிப்பைப் புறக்கணிக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.” பாதிப் பேர் போன் செய்து “என்ன எழுதியிருக்கு?” என்கிறார்கள். சிலர் கோபப்படுகிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: கடினமான சொற்களை மாற்றுவதற்கு முன்னால் வாக்கியத்தை உடைக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். உங்கள் நோட்டீஸில் முடிக்கும் வினை ஒன்றே ஒன்று, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’. அது வரும்வரை படிப்பவர் தொகை, கெடு, துண்டிப்பு, கட்டணம், விதிவிலக்கு என ஐந்து செய்திகளையும் மனதில் சுமந்துகொண்டே போக வேண்டும். ஆகவே செய்திக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்துக்கு ஒரு வினை என்று பிரியுங்கள். பிரித்தவுடனே ‘என்பதோடு’, ‘என்பதும்’ போன்ற ஒட்டுச்சொற்களுக்கு வேலை இருக்காது. அவை தாமாக உதிர்ந்துவிடும்.

அடுத்தது, யார் செய்கிறார்கள் என்பது. ‘துண்டிக்கப்படும்’, ‘வசூலிக்கப்படும்’ என்றால் பேசுவது யார் என்றே தெரியாது. தினமும் தெருவில் பார்க்கும் கடைக்காரர் திடீரென்று அரசாணை மாதிரிப் பேசுவதுதான் வாடிக்கையாளரை உறுத்துகிறது. ‘நிறுத்திவைப்போம்’ என்று எழுதினால் செய்தி மாறாது, ஆனால் ஓர் ஆள் பேசுவது தெரியும்.

கோபத்துக்குக் காரணமான சொற்களும் உள்ளே இருக்கின்றன. ‘செலுத்தத் தவறும்’ என்பதில் ‘தவறு’ என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ‘கட்டாவிட்டால்’ என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘முன்னறிவிப்பின்றி’ என்பது பொருந்தவே இல்லை, ஏனென்றால் இந்த நோட்டீஸே முன்னறிவிப்புதான். மிரட்டலாக மட்டும் நிற்கும் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். ‘புறக்கணிக்கவும்’ இன்னும் சிக்கலானது. தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தைப் புறக்கணித்தார் என்று எதிர்ப்பைக் காட்டும் இடத்தில்தான் மக்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். பணம் கட்டியவரிடம் ‘கண்டுகொள்ள வேண்டாம்’ என்று சொல்ல அது உதவாது. அவருக்குத் தேவை அந்தச் சொல்லும் அல்ல, தன் பணம் கணக்கில் ஏறியதா என்ற பதில்.

மற்றவை நேரான மாற்றங்கள்: நிலுவைத் தொகை என்பதற்குப் பாக்கி, செலுத்த என்பதற்குக் கட்ட, தினங்கள் என்பதற்கு நாட்கள், செலுத்தியிருப்பின் என்பதற்குக் கட்டியிருந்தால். ‘இணைப்பு’, ‘ரசீது’, ‘கட்டணம்’ எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றைத் தொட வேண்டாம். ஸ்கேன், போன், வாட்ஸ்அப் போன்றவற்றைத் தமிழாக்கவும் வேண்டாம்.

மரியாதை எங்கே இருக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. ‘தாங்கள்’ போட்டால் மரியாதை கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வினைமுடிவில் இருக்கிறது. ‘கட்டவும்’ என்பது பலகையில் எழுதும் ஆணை. ‘கட்டுங்கள்’ என்பது எதிரில் நிற்பவரிடம் சொல்வது. ‘கட்டலாம்’ என்பது வழியைக் காட்டுவது. ‘கட்டிவிடுங்கள்’ என்றால் உரிமையோடு சற்று அழுத்துவது. முதல் நோட்டீஸுக்குக் ‘கட்டலாம்’ போதும், இரண்டாவதுக்குக் ‘கட்டிவிடுங்கள்’ சரியாக இருக்கும். அதே நேரம் ‘கட்டிடுங்க’ என்று முழுப் பேச்சுமொழிக்கு இறங்க வேண்டாம். அச்சில் பார்த்தால் சில பெரியவர்களுக்கு அது அலட்சியமாகத் தோன்றும்.

அதிகத் தகராறு கெடுவில்தான் வரும். ‘கிடைக்கப்பெற்ற 7 தினங்களுக்குள்’ என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கடைசி நாள். நோட்டீஸை மகன் வாங்கி வைத்து அப்பா மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எதிலிருந்து எண்ணுவது? ‘15-ஆம் தேதிக்குள்’ என்பதும் முழுத் தெளிவில்லை. 15 அன்று வரலாமா கூடாதா என்று கேட்பார்கள். தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதி ‘வரை’ என்று முடியுங்கள்.

இனி உங்கள் நோட்டீஸ். மாதம் ரூ.500, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.90, ஆக ரூ.590, இரண்டு மாதப் பாக்கி என்று எடுத்துக்கொள்கிறோம். மறுஇணைப்புக்கு ரூ.100 என்றால் வரியோடு ரூ.118.

“வணக்கம்.
ஏப்ரல், மே இரண்டு மாத இணையக் கட்டணம் ரூ.1,180 பாக்கி இருக்கிறது. (மாதம் ரூ.590, வரி உட்பட.)
ஜூன் 15, திங்கட்கிழமை மாலை 6 மணி வரை கட்டலாம்.
கடைக்கு வந்து கட்டலாம். கீழே உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தும் கட்டலாம். ஸ்கேன் செய்தால் திரையில் ______ என்ற பெயர் வரும்.
அன்றைக்குள் கட்ட முடியாவிட்டால் எங்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். பணமும் தகவலும் வராவிட்டால் 16-ஆம் தேதி காலை இணைப்பை நிறுத்திவைப்போம். மறுபடி இணைக்க ரூ.118 ஆகும்.
ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கணக்கைச் சரிசெய்துவிடுகிறோம். போன்: ______”

எந்த மாதத்துப் பாக்கி என்பது பழைய நோட்டீஸில் இல்லை. “நான்தான் கட்டிட்டேனே” என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இந்த ஒரு குறையிலிருந்துதான் கிளம்பும். திரையில் வரும் பெயரைச் சொல்வதும் காரணத்தோடுதான். கடைப் பெயர் ஒன்றாகவும் வங்கிக் கணக்கின் பெயர் வேறாகவும் இருந்தால், ஏமாற்று வேலையோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். ‘போன் செய்து சொல்லுங்கள்’ என்ற வரியை, சொன்னவருக்கு நிஜமாகவே நாலு நாள் தருவீர்கள் என்றால் மட்டும் வையுங்கள்.

அச்சடிக்கும் முன் கடைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரிடம், முடிந்தால் ஐம்பதைத் தாண்டியவர்களிடம், கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு எவ்வளவு, எப்போது வரை, எங்கே என்று கேளுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள், அதில் பயனில்லை. படிக்கும்போது திக்கிய இடத்தையும் பதிலில் தடுமாறிய இடத்தையும் திருத்துங்கள்.

எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினால் இன்னும் சுருக்க வேண்டும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், அதில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கட்டுங்கள்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் பத்து. அதனால் தொகை, தேதி, போன் எண் மூன்றை மட்டும் அனுப்பி மீதியைத் தாளில் கொடுங்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப முன்பே பதிவுசெய்த வாசகம் வைத்திருந்தால், சொற்களை மாற்றியதும் அதையும் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும்.

இந்த நடை நினைவூட்டலுக்கு மட்டும். பல மாதம் ஆகியும் பணம் வராமல் வழக்கறிஞர் மூலம் அனுப்பும் நோட்டீஸை நீங்களாக எளிமைப்படுத்த வேண்டாம். அதை அப்படியே வைத்து, மேலே இதே நடையில் ஐந்து வரிக் கடிதம் ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம். அந்த வரிகளை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொகையோ தேதியோ இரண்டிலும் வேறுபட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.