ஆன்யூட்டி ஃபேக்டர் கணக்கில் ஒரு வருடம் எங்கே போய்விடுகிறது?

கேள்வி: வருடா வருடம் ஒரே தொகை வந்தால் ஆன்யூட்டி ஃபேக்டர் போட்டு என்பிவி எடுத்துவிடுகிறேன். பணம் மூன்றாம் வருடத்திலிருந்துதான் வரும் என்று கேட்டால் மட்டும் விடை தப்பாகிறது. எங்கே சறுக்குகிறேன்?

நீங்கள் அனேகமாக இரண்டு வருடத்துக்குப் பதில் மூன்று வருடத்துக்குக் கழிவு போடுகிறீர்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

தேர்வில் எனக்கு வந்த கணக்கு இந்த மாதிரிதான். (எண்கள் அப்படியே நினைவில் இல்லை, வசதிக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.) இன்று 5,00,000 முதலீடு. மூன்றாம் வருட முடிவில் தொடங்கி எட்டாம் வருட முடிவு வரை வருடத்துக்கு 1,40,000 வரவு. கழிவு வீதம் 10%. முதலீடு செய்யலாமா, வேண்டாமா?

ஆறு வரவு, எல்லாம் ஒரே தொகை. பார்த்ததுமே கை தானாக சூத்திரத்தை எழுதிவிட்டது:

```
AF = [1 - (1 + r)^-n] / r
   = [1 - 1.1^-6] / 0.1
   = 4.3553
```

1,40,000-ஐ இதால் பெருக்கினால் சுமார் 6,09,737. இதுவரை தப்பில்லை. அப்புறம் நான் யோசித்தேன்: பணம் மூன்றாம் வருடம்தானே தொடங்குகிறது, அப்படியானால் மூன்று வருடம் பின்னால் கொண்டுவர வேண்டும். 1.1-இன் மூன்றாம் அடுக்கு 1.331. அதால் வகுத்தால் 4,58,104. முதலீட்டைக் கழித்தால் என்பிவி மைனஸ் 41,896. ‘முதலீடு வேண்டாம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

சரியான விடை ப்ளஸ் 3,914. முதலீடு செய்யலாம்.

தப்பு எங்கே என்று புரிய ஒரு சின்னச் சோதனை போதும். சூத்திரத்தில் n = 1 என்று போடுங்கள். ஃபேக்டர் 0.909 வரும். ஒரே ஒரு வரவுதான், அதற்கும் சூத்திரம் ஒரு வருடக் கழிவைப் போட்டுவிட்டது! அதாவது சூத்திரம் தரும் மதிப்பு முதல் வரவு வரும் நாளில் நிற்பதில்லை, அதற்கு ஒரு வருடம் முன்னால் போய் நிற்கிறது. நம் கணக்கில் முதல் வரவு மூன்றாம் வருட முடிவில், எனவே 6,09,737 என்பது இரண்டாம் வருட முடிவின் மதிப்பு. அங்கிருந்து இன்றைக்கு வர இரண்டு வருடம்தான். 1.21-ஆல் வகுத்தால் 5,03,914. நான் அந்த ஒரு வருடத்தை இரண்டு முறை கழித்திருந்தேன்.

சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. எட்டு வருடமும் பணம் வருவதாக வைத்து அதன் ஃபேக்டரை எடுங்கள்: 5.3349. வராத முதல் இரண்டு வருடத்தின் ஃபேக்டர் 1.7355. கழித்தால் 3.5994. அதை 1,40,000-ஆல் பெருக்கினால் அதே தொகைதான் வரும் (ஓரிரண்டு முன்பின் இருக்கலாம்). தேர்வில் நான் இப்போது இப்படித்தான் போடுவேன், ஏனென்றால் ‘எத்தனை வருடம் பின்னால் போவது’ என்ற கேள்வியே இதில் எழாது.

‘எக்செல்லில் ஒரே வரியில் வந்துவிடுமே’ என்று யாராவது வருவார்கள். வரும்தான், ஆனால் தேர்வு மேசையில் எக்செல் கிடையாது. போதாததற்கு அதிலுள்ள `NPV()` கூட முதலில் கொடுக்கும் தொகையை ஒரு வருடம் கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்றைய முதலீட்டையும் அடைப்புக்குள் போட்டால் அதற்கும் கழிவு விழும். அதை வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். இதே ஒரு வருடம்தான் அங்கேயும் ஆளைக் கவிழ்க்கிறது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘மூன்றாம் வருடத்திலிருந்து’ என்று மொட்டையாக எழுதினால் வருடத் தொடக்கமா, முடிவா? பாடத்தில் பொதுவாக முடிவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். தொடக்கம் என்றால் எல்லா வரவும் ஒரு வருடம் முன்னால் வந்து, தற்போதைய மதிப்பு 1.1 மடங்காகிவிடும். அதனால் எது என்று ஊகித்தீர்களோ அதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மூன்று தசமத்துக்கு அச்சிட்ட அட்டவணையைப் பயன்படுத்தினால் 4.355 × 0.826 வழியில் என்பிவி 3,612 என்றும், 5.335-இலிருந்து 1.736 கழிக்கும் வழியில் 3,860 என்றும் வரும். இரண்டுமே சரிதான், பயந்து அடித்துவிடாதீர்கள்.

நான் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிப் பார்த்தேன். ஃபேக்டர் வரைக்கும் சரியாகப் போட்டதற்காவது ஏதாவது கிடைக்கும் என்று நம்பினேன். மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்த்து ‘மாற்றமில்லை’ என்று அனுப்பினார்கள். அதற்கு எதற்குக் கட்டணம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.