கும்பகோணத்திலிருந்து வாரம் மூணு நாள் சென்னை: கட்டுப்படியாகுமா?

கேள்வி: எனக்கு ஊர் கும்பகோணம், சொந்த வீடு. டெஸ்டிங்கில் நாலு வருஷ அனுபவம். சென்னைக் கம்பெனி ஒன்றில் வாரம் மூணு நாள் ஆபீஸ், கையில் 72,000. இன்னொன்றில் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, 58,000. தஞ்சாவூரில் தினமும் போய்வரும் வேலை, 45,000. எதை எடுக்கலாம்?

பதில்:

சென்னை வேலைக்குப் போனால் மாதத்துக்கு எத்தனை தடவை ரயிலேறுவீர்கள்? அது தெரியாமல் 72,000ஐயும் 58,000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நான் பாபநாசத்துக்காரன். இதே வாரம் மூணு நாள் கணக்கில் பதினாலு மாதம் ஓட்டியவன்.

என் வாரம் இப்படிப் போகும். திங்கள் ராத்திரி கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ். செவ்வாய் விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, பிஜிக்குப் போய்க் குளித்து, ஓஎம்ஆருக்குப் பஸ். செவ்வாய், புதன் இரண்டு ராத்திரி பிஜியில். வியாழன் வேலை முடிந்ததும் திரும்ப வண்டி. வெள்ளி காலை வீட்டுக்கு வந்து, பாதிக் கண்ணோடு ஒன்பது மணிக்கு லாகின்.

வாரத்தில் இரண்டு ராத்திரிதான் அந்தக் கட்டிலில் படுத்தேன். வாடகை முழு மாதத்துக்கு. ஹைபிரிட் என்றால் செலவு பாதி என்று நினைத்து நான் ஏமாந்த இடம் இதுதான்.

உங்கள் தொகைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். என் அனுபவத்தில் சாப்பாட்டோடு பிஜி 8,000. ஸ்லீப்பர் கிடைத்தால் ஒரு தடவைக்கு முந்நூறுக்குள் முடியும். வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றுவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்கு எண்ணூறு, ஆயிரம் போகும். சராசரியாக 550 என்று வைத்தால், மாதம் எட்டு ஒன்பது பயணத்துக்கு 4,800. ஊருக்குள் பஸ், ஷேர் ஆட்டோ 2,500. வெளிச் சாப்பாடு, டீ 2,000. மொத்தம் 17,300. உங்கள் 72,000இல் மிஞ்சுவது 54,700. வீட்டு வேலையில் இன்டர்நெட், கரண்டு என்று 2,000 கழித்தாலும் 56,000 நிற்கும். ஆக, சம்பளம் பெரிதாகத் தெரிகிற வேலைதான் மாசக் கடைசியில் ஆயிரத்து முந்நூறு குறைவாகத் தருகிறது. போதாக்குறைக்கு எட்டு ஒன்பது ராத்திரித் தூக்கமும் போகும்.

பிஜி வாடகையைக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 2025-26 முதல் புதிய முறையில், சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே வராது. அந்த முறையில் வாடகைப்படிக் கழிவும் கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு மிச்சம் பிடிக்க வரியே இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு, பை எல்லாம் கட்டிய பிறகு, வாட்ஸ்அப்பில் லீடு எழுதுவார்: "இந்த வாரம் புதன், வியாழன், வெள்ளி வாங்க, கிளையண்ட் கால் மாறிடுச்சு." வேளச்சேரிக்காரருக்கு அது ஒரு வரிச் செய்தி. எனக்குக் கையில் இருக்கிற இரண்டு டிக்கெட்டும் கேன்சல். புது டிக்கெட் எங்கே கிடைக்கும்? முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடுகிறது. அன்றைக்குத் தேடினால் பஸ்தான். ஒரே மாதத்தில் மூன்று தடவை இப்படி நடந்ததும் உண்டு.

அதனால் ஹெச்ஆரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஆபீஸ் நாட்களை வாரக் கணக்கில் பார்க்கிறார்களா, மாதக் கணக்கிலா? மாதம் 12 நாள் வந்தால் போதும், எப்போது வருவது உங்கள் இஷ்டம் என்றால் கதையே மாறிவிடும். இரண்டு வாரமும் இரண்டு நாளும் தொடர்ச்சியாகச் சென்னையில் இருந்துவிட்டு, மீதி மாதம் ஊரில் இருக்கலாம். போக ஒன்று, வர ஒன்று, பயணச் செலவு 1,100இல் அடங்கும். பிஜி அதே 8,000தான், மற்றதும் அப்படியே என்று வைத்தால்கூடக் கையில் 58,400 நிற்கும். அப்போது சென்னைதான் முன்னால். வாரக் கணக்குத்தான் என்று பிடிவாதமாக நின்றால், அது சென்னையில் குடியிருப்பவருக்கான வேலை. குடும்பத்தோடு அங்கேயே போகிற எண்ணம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

வளர்ச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலு வருஷ அனுபவத்தில் அதைத் தள்ளிவைக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் சீனப் பயண நிறுவனம் ஒன்றிலேயே இரண்டு தடவை இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். முதல் தடவை கால் சென்டர் ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். வேலை 13 சதவீதம் கூடியது; ஆனால் அதே அளவு வேலை செய்த ஆபீஸ்காரர்களைவிட இவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. 2024இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வில் 1,612 பேர். வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வில் எந்த வித்தியாசமும் இல்லை. ஹைபிரிட்டைப் புகழ்கிற எல்லோரும் இந்த இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போனவர்கள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தவர்கள் இல்லை.

முதல் ஆய்வு காட்டுகிற ஆபத்து உங்கள் 58,000 வேலைக்கும் வருமா என்பது, டீமில் மற்றவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் அவரவர் வீட்டில் என்றால், எந்த பக்கை முதலில் பார்ப்பது, ரிலீஸைத் தள்ளலாமா என்பதெல்லாம் எழுத்தில்தான் நடக்கும். நீங்களும் அதில் இருப்பீர்கள். எட்டு பேர் ஆபீஸில், நீங்கள் ஒருவர் மட்டும் கும்பகோணத்தில் என்றால், முடிவு காபி மெஷின் பக்கத்தில் ஆகிவிடும். உங்களுக்கு அதைச் செய்யச் சொல்லும் டிக்கெட் மட்டும் வந்து சேரும். கடைசி ரவுண்டில் மேனேஜரிடமே கேளுங்கள்: டீமில் எத்தனை பேர் வெளியூர், போன தடவை பதவி உயர்வு பெற்றவர் எங்கிருந்து வேலை செய்கிறார்? அவர் தடுமாறினாலே பதில் தெரிந்துவிடும்.

வீட்டு வேலை என்றால் கரண்டையும் யோசியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க நிறுத்துகிற நாளில், 150 ஏஎச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் லேப்டாப், ரூட்டர், ஒரு ஃபேன் மூன்றையும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் இழுக்கும். ஆனால் தெருக்கோடியில் ஃபைபர்காரரின் பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் உங்கள் இன்வெர்ட்டரால் ஒன்றும் ஆகாது. வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் கஜா மாதிரி வந்தால் அதுவும் உதவாது. அதற்கு மாற்று, திருச்சிக்கு பஸ் ஏறுவதுதான்.

தஞ்சாவூர் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்பது கிலோமீட்டர், ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு பெரிதாகத் தெரியாது, வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றரை மணி நேரம். அம்மா அப்பாவைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை இருந்து, வீட்டில் தனி அறையும் இல்லையென்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரத்தை விட்டுக்கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் ஆஃபர் லெட்டரில் பணியிடம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். என் முந்தைய வேலையில் போனில் "முழுக்க வீட்டிலிருந்தே" என்றார்கள், லெட்டரில் "பணியிடம்: சென்னை" என்று இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, முப்பது நாளில் ஆபீஸுக்கு வரச் சொல்லி மெயில் வந்தபோது அந்த ஒரு வரியைக் காட்டினார்கள். வாய்ப்பேச்சைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் 58,000 லெட்டரில் கும்பகோணம் என்றோ, வீடு என்றோ இல்லையானால் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். சென்னைக்காரர்கள் மாதம் 12 நாளுக்கு ஒத்துக்கொண்டால் அதையும் மெயிலிலாவது வாங்கிவிடுங்கள். பழைய வேலையில் பேப்பர் போடுவது அதற்குப் பிறகு.