முகம் மாறாமல் சொல்லும் பாட்டு

கேள்வி: நகைச்சுவைப் பாட்டு எழுதிப் பார்க்கிறேன், எல்லாம் கத்தலாகவும் மிகையாகவும் போய்விடுகிறது. சத்தம் போடாமல் சிரிக்க வைக்கிற வரிகளை எப்படி எழுதுவது?

முதலில் பாடுகிறவன் யார் என்று முடிவு செய்யுங்கள். தான் சொல்வது வேடிக்கையானது என்று அவனுக்குத் தெரியவே கூடாது. நடந்தது பெரியதாக இருக்க வேண்டும், அதை அவன் சொல்கிற விதம் சின்னதாக இருக்க வேண்டும், சிரிப்பு அந்த இடைவெளியில்தான் வருகிறது. மிகைப் பாட்டில் அந்த இடைவெளியை எழுதுகிறவரே நிரப்பிவிடுவதால், கேட்பவருக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமிருக்காது.

நான் எழுதிய ஒரு பல்லவியையே எடுத்துக்கொள்கிறேன். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், கணவன் பாடுகிறான். முதல் வரைவில் கண்ணீர் வெள்ளம், இடிந்த வானம் எல்லாம் வந்தன. எதுவும் ஒட்டவில்லை, அத்தனையையும் அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்:

நீ போய் மூணு நாளாச்சு
நானும் நல்லாத்தான் இருக்கேன்
சாவி எங்கேன்னு சொன்னாப் போதும்
வாசல்லதான் நிக்கிறேன்

இதில் முக்கியமானது செய்தி வரும் வரிசை. 'மூணு நாள்' முதல் வரியில் இருக்கிறது, 'வாசல்' நான்காவதில். இரண்டையும் கூட்டி, மனுஷன் மூன்று நாளாக வெளியிலேயே நிற்கிறான் என்று கணக்குப் போடுவது கேட்பவர்தான். ஒரு கட்டத்தில் கடைசி வரியை 'மூணு நாளா வாசல்ல நின்னு நொந்து போனேன்' என்று எழுதியிருந்தேன், பாட்டு அங்கேயே செத்துவிட்டது, ஏனென்றால் கணக்கையும் நானே போட்டு, வருத்தத்தையும் நானே சொல்லிவிட்டேன். 'நொந்து', 'ஐயோ', 'கொடுமை' மாதிரி உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் சொல் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் தமிழில் குறைத்துச் சொல்லவென்றே இருக்கும் சின்னச் சொற்களைப் பிடியுங்கள்: கொஞ்சம், லேசா, மத்தபடி, ஒண்ணுமில்ல. எனக்கு மிகவும் பிடித்தது 'தான்'. 'நல்லா இருக்கேன்' என்றால் நம்பிவிடுவோம், 'நல்லாத்தான் இருக்கேன்' என்றதும் ஏதோ சரியில்லை என்று காது நிமிர்ந்துகொள்கிறது.

சரணத்தில் எல்லோரும் வழுக்குகிற இடம், குரலை ஏற்றுவது. நிலைமையை மோசமாக்குங்கள், குரலைத் தொடாதீர்கள்.

மழையும் லேசாப் பெய்யுது
மத்தபடி குறையில்ல
பக்கத்து வீட்டு நாய்க்கு இப்போ
என் மேல கோபமில்ல

இந்த 'இப்போ' என்ற ஒரு சொல், முன்னால் நடந்ததையெல்லாம் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. நாய் துரத்தியதை ஒரு வரியில் வர்ணித்திருந்தால் இந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

பாட்டுக்கு இன்னொரு வசதி உண்டு, பல்லவி திரும்ப வரும். இரண்டாம் முறை வரும்போது ரகசியம் கேட்பவருக்குத் தெரியும், அதனால் முதலில் சும்மா கடந்துபோன 'நல்லாத்தான் இருக்கேன்' வரிக்கே இப்போது சிரிப்பார்கள். நான் அங்கே எண்ணை மட்டும் மாற்றினேன்: மூணு, அஞ்சு, ஏழு. மூன்றும் ஒரே சந்தத்தில் உட்காரும், மெட்டைத் தொட வேண்டியதில்லை. ('ஒன்பது' உட்காராது, ஓர் எழுத்து துருத்தும்.)

பாடுகிறவரிடமும் பேசிவிடுங்கள். ஒலிப்பதிவில் எங்கள் பாடகர் கடைசி வரியில் குரலை நெளித்து, லேசாகச் சிரித்தும் பாடினார், திறமையாகத்தான் இருந்தது, ஆனால் வரி சப்பென்று ஆகிவிட்டது. யாருக்கோ வழி சொல்வது போலப் பாடச் சொன்னேன், சரியாக வந்தது. 'நிக்கிறேன்' என்பதை இழுக்காமல் வெட்டி நிறுத்திவிட்டு, அப்புறம் ஒரு தாளச் சுற்று வெறும் தாளம் மட்டும் ஓட விட்டோம். சிரிப்பு எழ அந்த நேரம் வேண்டும். வேடிக்கை ஒலி எதையும் அங்கே சேர்க்க விடாதீர்கள்.

எழுதியதும் மெட்டில்லாமல், தட்டையான குரலில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான்காவது வரி முடிந்தும் "அப்புறம்?" என்று கேட்டால் செய்தி போய்ச் சேரவில்லை. மூன்றாவது வரியிலேயே சிரித்தால் முன்கூட்டியே உடைத்துவிட்டீர்கள். "பாவம்" என்றால் அது சோகப் பாட்டாகவே நிற்கிறது, நாய் மாதிரி குறிப்பான, எதிர்பாராத ஒரு விவரம் தேவை. ஒன்று மட்டும், சொல் தெளிவாகக் கேட்காத இரைச்சலான மேடைக்கு இந்த வகை உதவாது, அங்கே ஆட்டமும் தாளமும்தான் எடுபடும்.

முடிவுக்கு, சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது என்று வைக்கச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை, அப்படி வைத்தால் அவன் முட்டாளாகிவிடுவான், அதுவரை அவன் காத்த நிதானத்துக்கு மதிப்பில்லாமல் போகும். கடைசிப் பல்லவியை இப்படி முடித்தேன்:

நீ போய் பத்து நாளாச்சு
நானும் நல்லாத்தான் இருக்கேன்
சாவிக்கு அவசரம் ஒண்ணுமில்ல
வாசல் பழகிப் போச்சு